வெண்டர் கொட்டேஷனை முகம் முறியாமல் மறுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனியன் ஏற்றுமதி யூனிட்களில் பர்ச்சேஸ் பார்ப்பவர்களுக்காக எழுதியது. உதாரணம் முழுக்க அட்டைப் பெட்டிதான். பாலிபேக், லேபிள், ஜிப் என்று வாங்குபவர்களுக்கு எண்கள் மாறும், வழி மாறாது. இங்கே வரும் விலைகள் கணக்கைக் காட்டுவதற்கு மட்டும். இன்றைய மார்க்கெட் விலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"உங்க ரேட் ரொம்ப அதிகம், முடியாது" என்று ஒரே வரியில் அனுப்பினேன். சுற்றி வளைக்காமல் நேராகத்தானே சொன்னேன்? அதற்குப் போய் வெண்டர் கோபித்துக்கொண்டார்.

நேராகச் சொன்னது தப்பில்லை. அந்த வரியில் விஷயமே இல்லை என்பதுதான் தப்பு. எவ்வளவு அதிகம்? எதை வைத்துப் பார்த்தால் அதிகம்? எவ்வளவு என்றால் எடுப்பீர்கள்? ஒன்றுக்கும் பதில் இல்லை. அதனால் வெண்டர் தன் இஷ்டத்துக்கு அர்த்தம் பண்ணிக்கொள்கிறார். "சும்மா அடித்துப் பார்க்கிறார்கள்" என்று ஒருவர் நினைப்பார். "வேற ஆளுக்கு ஏற்கெனவே கொடுத்துட்டாங்க, நம்மகிட்ட பேருக்குக் கேட்டிருக்காங்க" என்று இன்னொருவர் நினைப்பார். இரண்டாவது வகை ஆள் அடுத்த முறை உங்களுக்குக் கணக்குப் போட்டே விலை தரமாட்டார், வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போவார்.

முதல் வகை ஆள் ஃபோன் அடிப்பார். மறுபடியும் அடிப்பார். நீங்கள் எண் எதையும் சொல்லவில்லை, அதனால் காப்பாற்றுவதற்கு உங்களிடமும் ஒன்றும் இல்லை. ஷிப்மென்ட் நெருங்கும் நாளில் "சரி, ஏதோ பார்த்துப் போடுங்க" என்று முடிந்துவிடும். கறாராகத் தெரியும் ஒற்றை வரி மறுப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் இளகிப்போகின்றன.

"ரொம்ப அதிகம்" என்பதில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. நீ ஏமாற்றப் பார்க்கிறாய் என்று அது ஆளைச் சொல்கிறது. கோபம் வருவது அதற்குத்தான். ஆளைப் பற்றிய பகுதியை எவ்வளவு வேண்டுமானாலும் மென்மையாக்கலாம். விலை, தரம், தேதி இந்த மூன்றையும் சொல்லும் வரிகளில் ஒரு சொல்கூட இளகக் கூடாது.

எனக்கு வந்ததையே வைத்துத் திருத்திக் காட்டுங்கள். போன சீசனில் 72 ரூபாய்க்குக் கொடுத்த பெட்டிக்கு இப்போது 82 கேட்கிறார். "பேப்பர் ஏறிப்போச்சுங்க" என்கிறார். எங்கள் எம்.டி.யோ 72-க்கு மேல் ஒரு பைசா இல்லை என்கிறார்.

எழுதுவதற்கு முன்னால் கால்குலேட்டரை எடுங்கள். பெட்டி 60 × 40 × 40 சென்டிமீட்டர், 5 ஃப்ளை, எல்லா லேயரும் 150 ஜிஎஸ்எம் என்று வைத்துக்கொள்வோம். விரித்துப் போட்டால் ஷீட் ஏறக்குறைய 205 × 82 சென்டிமீட்டர் வரும், அதாவது 1.68 சதுர மீட்டர். ஐந்து லேயரில் மூன்று தட்டையானவை. நடுவில் இருக்கும் இரண்டு ஃப்ளூட்டும் நெளிந்திருப்பதால் அவற்றுக்குச் சுமார் 40 சதவீதம் கூடுதல் பேப்பர் போகும். ஆக 150-ஐ 5.8-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 870 கிராம். ஒரு பெட்டிக்கு 1.46 கிலோ. வெட்டும்போது போகும் வேஸ்டையும் சேர்த்து ஒன்றரை கிலோ என்று வைக்கலாம்.

பேப்பர் கிலோ 31-லிருந்து 34-க்கு ஏறியிருக்கிறது என்றால் பெட்டிக்கு ஏறிய செலவு 4 ரூபாய் 50 பைசா. அவர் ஏற்றியிருப்பது 10 ரூபாய். பாதிக்கு மேல் பேப்பரால் வந்ததில்லை. அதே சமயம், 72-லேயே நிற்பதற்கும் நியாயம் இல்லை. உங்கள் நிலை 76.50. இதை முதலில் எம்.டி.யிடம் கணக்கோடு காட்டி ஒப்புதல் வாங்குங்கள். உள்ளே முடிவாகாத விலையை வெளியே உறுதியாகச் சொல்ல முடியாது.

அப்புறம் இப்படி அனுப்பலாம்:

> வணக்கம் அண்ணா. கொட்டேஷன் கிடைத்தது, நன்றி. போன சீசனில் ஒரு லோடுகூடத் தாமதமாகாமல் கொடுத்தீர்கள். அதனால்தான் இந்த ஆர்டருக்கும் முதலில் உங்களிடம் கேட்டோம்.
>
> 82 ரூபாய்க்கு எங்களால் எடுக்க முடியாது. பேப்பர் கிலோவுக்கு 3 ரூபாய் ஏறியிருப்பது எங்களுக்கும் தெரியும். பெட்டிக்கு ஒன்றரை கிலோ என்று பார்த்தால் 4.50 வருகிறது, அதை முழுதாக ஏற்றுக்கொள்கிறோம். பெட்டி 76.50, ஜிஎஸ்டி தனி, எங்கள் யூனிட்டில் இறக்கித் தருவது உட்பட, 5,000 பெட்டி. தரம் பழையபடியே: 5 ஃப்ளை, எல்லா லேயரும் 150 ஜிஎஸ்எம், வெறும் பெட்டி 1.45 கிலோவுக்குக் குறையக் கூடாது.
>
> வேறு ஏதாவது செலவு ஏறியிருந்தால் கணக்கோடு அனுப்புங்கள், பார்க்கிறோம். வியாழன் மாலை 5 மணிக்குள் சரி என்றால் பி.ஓ. உங்களுக்குத்தான். ஒத்துவரவில்லை என்றால் இந்த லாட்டை மட்டும் வெளியே போட்டுக்கொள்கிறோம், அடுத்த ஆர்டருக்கும் உங்களைக் கேட்போம்.

முதல் பத்தியில் இருப்பது பாராட்டு, ஆனால் நடந்த ஒன்றைச் சொல்லும் பாராட்டு. "உங்கள் மேல் எங்களுக்கு மிகுந்த மரியாதை உண்டு" என்று எழுதினால் அடுத்த வரியில் கத்தி வருகிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். லோடு நேரத்துக்கு வந்தது உண்மை என்றால் அதை எழுதுங்கள். நேரத்துக்கு வரவில்லை என்றால் பொய்யாகப் புகழ வேண்டாம், நன்றியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

"முடியாது" என்ற சொல் அப்படியே இருப்பதையும் பாருங்கள். அதை "சற்றுச் சிரமமாக இருக்கிறது" என்று மாற்றாதீர்கள். அவருடைய காரணத்தில் உண்மையான பங்கை நாம் ஒத்துக்கொண்டுவிட்டோம், அதற்குப் பணமும் தருகிறோம். அந்தச் சொல்லின் காரத்தை எடுப்பது அதுதான்.

எம்.டி. அப்படியும் 72-லேயே நிற்கிறார். வெண்டரும் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டுவிட்டார். அப்படியென்றால் கறாராக இருந்ததுதானே லாபம்?

பெட்டி வந்ததும் ஒன்றை எடுத்துத் தராசில் வையுங்கள்.

நடுவில் இருக்கும் இரண்டு ஃப்ளூட்டையும் 150-க்குப் பதில் 120 ஜிஎஸ்எம் பேப்பரில் போட்டால் பெட்டிக்கு ஏறக்குறைய 140 கிராம் குறையும். கிலோ 34 என்றால் அது 4 ரூபாய் 75 பைசா. நீங்கள் தரமாட்டேன் என்ற 4.50 அவர் கைக்கு வந்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேல் லேயர் பழைய பேப்பர், பிரிண்டிங்கும் பழையபடி. கன்டெய்னரில் அடுக்கும்போதோ, பையர் குடோனில் சில வாரம் நின்ற பிறகோ, அடி வரிசைப் பெட்டி வயிறு தள்ளி நிற்கும்.

எல்லா வெண்டரும் இப்படிச் செய்வார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் நியாயமான செலவைக்கூட மறுத்தால் அதை வேறு எங்கிருந்தாவது எடுக்க வேண்டிய நிலைக்கு அவரைத் தள்ளுகிறோம். மேலே உள்ள செய்தியில் எடையை எழுதியிருப்பது இதற்காகத்தான். விலையைக் குறைக்கச் சொல்லும் அதே செய்தியிலேயே தரம் எண்ணாக இருக்க வேண்டும். தனியாகப் பின்னால் அனுப்பினால் "அந்த விலைக்கு இந்தத் தரம்தாங்க வரும்" என்று பேச்சு வரும். மழைக்காலத்தில் பெட்டி ஈரத்தை இழுத்துக்கொண்டு எடை கூடுதலாகக் காட்டும் என்பதையும் மறக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் ஒரு பெட்டியைக் கிழித்து ஃப்ளூட் பேப்பரை மட்டும் தனியாக வெட்டி, காயவைத்து எடை போட்டுப் பாருங்கள்.

மென்மையாக எழுதினாலே "இன்னும் இறங்கி வருவார்கள்" என்று நினைத்துவிடுகிறார்கள். எங்கே கோட்டை விடுகிறோம்?

பெரும்பாலும் இரண்டு மூன்று சொற்களில்தான். "முடிந்தால்", "கொஞ்சம்", "இப்போதைக்கு", "சுமார்". "76.50 சுமாருக்கு வந்தால் நன்றாக இருக்கும்" என்று எழுதினால் 79-ம் சுமார்தான். "இப்போதைக்கு முடியாது" என்றால் அடுத்த வாரம் முடியும் என்று அர்த்தம். "பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்றால் 76.50 முடிவில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

மன்னிப்பும் அப்படித்தான். "தவறாக நினைக்க வேண்டாம்" என்று ஒருமுறை சொன்னால் பண்பு. மூன்று முறை சொன்னால் நீங்கள் கேட்பது நியாயமில்லை என்று உங்களுக்கே தோன்றுகிறது என்று அவர் படித்துக்கொள்வார். எங்கள் பக்கம் பேச்சில் "ங்க" போட்டாலே பாதி மரியாதை வந்துவிடும். "76.50 தாங்க, அதுக்கு மேல வராதுங்க" என்பது முழுக்க மரியாதையான வாக்கியம், ஒரு பைசாகூட விட்டுக்கொடுக்காத வாக்கியமும்கூட. எழுத்தில் அதே வேலையைச் செய்ய நாலு பத்தி அவசியமில்லை.

வேறு பார்ட்டி 74-க்குத் தருகிறார் என்று சொல்லி அடிக்கலாமா?

உண்மை என்றால் "இதைவிடக் குறைவாக எங்களிடம் கொட்டேஷன் இருக்கிறது" என்பதோடு நிறுத்துங்கள். பெயரும் வேண்டாம், காப்பியும் வேண்டாம். ஒருவர் கொடுத்த விலைத்தாளை இன்னொருவருக்கு ஃபார்வர்ட் செய்தால், நாளை இவருடையதும் அப்படியே வெளியே போகும் என்று இவருக்குத் தெரிந்துவிடும். அதன்பிறகு உண்மையான விலை யாரிடமிருந்தும் வராது.

பொய் என்றால் சொல்லவே வேண்டாம். பெட்டித் தொழிலில் இருப்பவர்கள் ஒரே சில மில்களிடமிருந்துதான் பேப்பர் எடுப்பார்கள், ஒருவர் விலை இன்னொருவருக்கு ஊகிக்கத் தெரியும். "அப்படியா, அங்கேயே எடுத்துக்குங்க" என்று அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் உங்களிடம் பேச்சு இல்லை. 74 சொன்னவர் அதே ஜிஎஸ்எம்முக்குத்தான் சொன்னாரா என்பதையும் முதலில் நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

விலை சரிதான். பாதி அட்வான்ஸ், மீதி இறக்கியதும் என்கிறார். எங்களுக்கு 90 நாள் பழக்கம். அதை எப்படி மறுப்பது?

90 நாள் என்று நிற்பதற்கு முன்னால் அவர் உத்யம் பதிவில் குறு அல்லது சிறு உற்பத்தியாளராக இருக்கிறாரா என்று பாருங்கள். பெட்டி போடுபவர்களில் நிறையப் பேர் அப்படித்தான். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போக முடியாது; ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டு வட்டியாக. 2023-24 நிதியாண்டிலிருந்து, அந்தக் கெடுவைத் தாண்டி மார்ச் 31-ல் நிலுவையில் நிற்கும் தொகையை அந்த வருடச் செலவாகக் காட்டி வரிக் கழிவு பெறவும் முடியாது. பணம் கொடுத்த வருடத்தில்தான் கிடைக்கும். உங்கள் ஆடிட்டர் இதை ஏற்கெனவே சொல்லியிருப்பார்.

ஆகவே உறுதியாக நிற்க உங்களிடம் இருக்கும் இடம் 45 நாள். அதை இப்படிச் சொல்லலாம்: "அட்வான்ஸ் எங்கள் கம்பெனியில் எந்தப் பேக்கிங் வெண்டருக்கும் கொடுப்பதில்லை, உங்களுக்கும் முடியாது. சரக்கை ஏற்றுக்கொண்ட 45-ஆம் நாளுக்குள் பணம் ஏறிவிடும், இதை பி.ஓ.விலேயே எழுதித் தருகிறோம்." எல்லோருக்கும் ஒரே விதி என்று தெரிந்தால் மறுப்பு அவர் மேல் விழாது. முதல் வாக்கியம் உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். வேறு ஒருவருக்கு அட்வான்ஸ் போனது இரண்டே நாளில் அவர் காதுக்குப் போகும்.

நான் எழுதுவதற்குள் எங்கள் முதலாளியே வாட்ஸ்அப்பில் "பகல் கொள்ளையா? உங்க பெட்டியே வேண்டாம்" என்று போட்டுவிட்டார். இனி என்ன செய்வது?

அன்றைக்கே ஃபோன் பண்ணுங்கள், எழுத்தில் ஆரம்பிக்க வேண்டாம். முதலாளி சொன்னதை நீங்கள் மறுத்துப் பேசக் கூடாது. "அவர் சும்மா கோபத்துல சொன்னாரு, நான் பார்த்துக்கறேன்" என்று சொன்னால் விலையும் சும்மா சொன்னதுதான் என்று ஆகிவிடும். சொன்ன விதத்தையும் சொன்ன முடிவையும் பிரித்துவிடுங்கள்: "அண்ணா, அந்த வார்த்தை வந்திருக்கக் கூடாதுங்க, வருத்தமா இருக்கு. விலை விஷயத்துல எங்க முடிவு அதேதான், 82 எங்களுக்கு வராதுங்க. ஏன்னு கணக்கோட ஒரு மெசேஜ் போடறேன், பாருங்க."

அவர் பொருமித் தீர்க்கட்டும், குறுக்கே பேசாதீர்கள். அந்த ஃபோனிலேயே விலையை இறக்கியோ ஏற்றியோ பேசாதீர்கள். வருத்தம் சொன்ன கையோடு ஒரு ரூபாய் கூட்டினால், திட்டு வாங்கினால் ஒரு ரூபாய் கிடைக்கும் என்று ஆகிவிடும். ஃபோனை வைத்த பிறகு மேலே உள்ளதுபோல் செய்தியை முதலாளியையும் சேர்த்து அனுப்புங்கள், அவரும் அதே எண்ணில்தான் இருக்கிறார் என்று வெண்டருக்குத் தெரிய வேண்டும்.

76.50 சொன்னேன், அவர் ஒத்துக்கொள்ளவில்லை. வேறு இடத்திலும் கிடைக்கவில்லை. இப்போது அவருடைய பழைய 82-ஐ ஏற்றுக்கொண்டால் அந்த விலைக்குக் கொடுக்க அவர் கட்டுப்பட்டவரா?

இல்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 7-ஆம் பிரிவுப்படி, ஏற்பு என்பது நிபந்தனை இல்லாமல் முழுதாக இருக்க வேண்டும். நீங்கள் வேறு விலை சொன்னதும் பழைய கொட்டேஷன் முடிந்துபோகிறது. இதற்கு வக்கீல்கள் காட்டுவது 1840-ல் இங்கிலாந்தில் நடந்த ஹைட், ரெஞ்ச் வழக்கு. ஒரு பண்ணையை 1,000 பவுனுக்குத் தருகிறேன் என்றார் ரெஞ்ச். 950 என்றார் ஹைட். மறுத்ததும், சரி 1,000-க்கே எடுக்கிறேன் என்றார். ஒப்பந்தமே இல்லை என்று தீர்ப்பானது. நம்முடைய 82 இப்போது 84 ஆகியிருந்தாலும் கேட்க முடியாது.

விலை சொல்லாமல் விசாரிப்பது வேறு. "இதில் குறைக்க வழி உண்டா? எந்தச் செலவு ஏறியிருக்கிறது?" என்பது கேள்விதான், அதனால் கொட்டேஷன் சாவதில்லை. ஆகவே மாற்று வழி கையில் இல்லாத நேரத்தில் முதல் செய்தி கேள்வியாகப் போகட்டும். 76.50 என்ற எண்ணைப் பதில் வந்த பிறகு சொல்லலாம். கொட்டேஷனில் "7 நாள் செல்லும்" என்று போட்டிருந்தால் அந்தத் தேதியையும் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. "விலை ஓகே, சாம்பிள் மட்டும் அனுப்புங்க" என்று நைச்சியமாக எழுதி வைத்தால், ஏற்றுக்கொண்டதாகவே அவர் பேப்பர் வாங்கிவிடலாம். மெயிலில் நடந்த பேச்சே ஒப்பந்தம் ஆகும் என்று 2010-ல் ட்ரைமெக்ஸ், வேதாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முடிவாகாத நிலையில் "பி.ஓ. வந்த பிறகே உறுதி" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

வேறு ஆளுக்கு ஆர்டர் கொடுத்தாகிவிட்டது. இவருக்குப் பதில் சொல்லவே சங்கடமாக இருக்கிறது. பேசாமல் விட்டுவிடலாமா?

விடாதீர்கள். உங்களுக்காக அவர் மெஷின் நேரத்தை ஒதுக்கி வைத்திருப்பார். இரண்டு வரி போதும்: "இந்த லாட் விலை காரணமாக வேறு இடத்துக்குப் போய்விட்டது. நேரம் ஒதுக்கிக் கணக்குப் போட்டுக் கொடுத்ததற்கு நன்றி." எவ்வளவுக்குப் போனது என்று அவர் கேட்டால், அந்த எண்ணைச் சொல்ல முடியாது என்றே சொல்லுங்கள். "அடுத்த ஆர்டர் உங்களுக்குத்தான்" என்ற வாக்குறுதி மட்டும் வேண்டாம். அதை அவர் ஞாபகம் வைத்திருப்பார்.

"79, அதுதான் கடைசி" என்று பதில் வந்தது. கூடவே கூலி ஏறிவிட்டது என்கிறார். இப்போது என்ன?

கூலி ஏறியிருக்கலாம். நம் யூனிட்டிலும் ஏறித்தான் இருக்கிறது. கணக்கு அனுப்பச் சொன்னது நாம்தான், அதனால் அனுப்பியிருந்தால் படிக்க வேண்டும். "கூலி ஏறிப்போச்சு" என்று மட்டும் சொன்னால் அது கணக்கில்லை. ஒரு ஷிப்டில் எத்தனை பெட்டி, எத்தனை ஆள், ஆளுக்கு எவ்வளவு ஏறியது என்று கேளுங்கள். ஷிப்டுக்கு 2,000 பெட்டி, 10 ஆள், ஆளுக்கு நாளுக்கு 80 ரூபாய் ஏறியது என்றால் மொத்தம் 800. பெட்டிக்கு 40 பைசா. 76.90 வரை போகலாம், 79-க்கு இல்லை.

அப்போது பதில்: "கூலிக்கு 40 பைசா சேர்த்து 76.90. நீங்கள் அனுப்பிய கணக்கிலிருந்தே எடுத்தது. இதற்கு மேல் முடியாது." நிலை மாறியிருக்கிறது, ஆனால் அவர் வற்புறுத்தியதால் மாறவில்லை. அவர் காட்டிய எண்ணால் மாறியது, அது அவருக்கும் தெரியும். அடுத்த முறை கொட்டேஷனோடு கணக்கும் சேர்ந்து வரும்.

அதற்கும் 79 என்றே நின்றால், விலையைத் தொடாமல் அவருக்குச் செலவு குறைக்கும் வழி இருக்கிறதா என்று பாருங்கள். 5,000 பெட்டியை நாலு தவணையாகக் கேட்டிருந்தால் இரண்டு தவணையாக இறக்கச் சொல்லலாம், வண்டி வாடகை அவருக்கு மிச்சம். இரண்டு கலர் பிரிண்டிங்கை ஒன்றாக்கப் பையர் சம்மதிப்பாரா என்று கேட்கலாம். குடோனில் இடம் இல்லை, பையரும் சம்மதிக்கவில்லை என்றால் வியாழன் 5 மணி வரை காத்திருந்து, 5 மணிக்கு அடுத்த வெண்டருக்கு பி.ஓ. போடுங்கள். 6 மணிக்கு அவர் கூப்பிட்டு 76.90-க்குச் சரி என்பார், அப்படி நடப்பது வழக்கம்தான். "போட்டாச்சுங்க அண்ணா, அடுத்த லாட்டுக்குக் கேட்கிறேன்" என்று சொல்லுங்கள். போட்ட பி.ஓ.வைத் திரும்ப வாங்காதீர்கள்.